சேர்க்கிற ஆளுக்கு எந்தச் சட்டை? குரூப் போட்டோவில் உடையும் காலரும் பொருத்த முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஸ்டுடியோவில் போய்க் கேட்டாலும் படத்தில் இல்லாத ஒருவரைக் குரூப் போட்டோவில் சேர்க்கிற இந்த வேலை வாரத்துக்கு ஒன்றாவது வரும். மகன் சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பான், தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைத்திருக்காது. இல்லையென்றால் அப்பா இறந்து வருடங்கள் ஆகியிருக்கும், கல்யாண குரூப் போட்டோவில் அம்மா பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார்கள். கையில் கொடுப்பது ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

போட்டோஷாப்பில் தலையை வெட்டி ஒட்டுவதற்கு வீடியோக்கள் ஏராளம் இருக்கின்றன. ஆனால் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் முகத்தில் இல்லை, கழுத்தில்தான். முகம் அச்சு அசலாக அவரேதான், ஆனாலும் பார்த்தவுடன் 'ஒட்டினது' என்று தெரிந்துவிடுகிறது என்றால் காலரைப் பாருங்கள், அங்கே பதில் இருக்கும். அந்தக் காலர் சரியாக வருமா வராதா என்பது வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, அவருடைய பழைய போட்டோவில் உள்ள சட்டையையே வைத்துக்கொள்வதா, குரூப் போட்டோவில் அவருக்குப் பதில் இருக்கிற மாற்று ஆளின் உடம்பையும் சட்டையையும் எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் ஒட்டு எங்கே விழும் என்று பாருங்கள்

எந்தச் சட்டை என்பது அழகு பற்றிய கேள்வி மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒட்டு எங்கே விழப்போகிறது என்கிற கேள்வி. பழைய சட்டையோடு ஆளை எடுத்தால் ஒட்டு தோள் வரியிலும் கை ஓரத்திலும் விழுகிறது. அது துணிக்கும் பின்னணிக்கும் நடுவில் உள்ள விளிம்பு, எப்படியும் அங்கே ஒரு கோடு இருந்தே தீரும், கண் அதைச் சந்தேகப்படாது. குரூப் போட்டோ உடம்பின் சட்டையை எடுத்தால் ஒட்டு கழுத்தில் விழுகிறது. தோலின் நிறம், கழுத்தின் அகலம், தாடையின் நிழல், காலரின் வளைவு இத்தனையும் ஒரு சின்ன இடத்தில் ஒத்துப்போக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் எப்போதும் பழைய சட்டைதானே நல்லது என்று தோன்றும். முடிகிற இடத்தில் எல்லாம் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் முடியாத இடங்கள்தான் அதிகம், அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, பாஸ்போர்ட் போட்டோவில் நெஞ்சுக்குக் கீழே உடம்பே கிடையாது. அவர் பின் வரிசையில் நிற்கிறார், முன்னால் இருப்பவரின் தலையும் தோளும் அவரை நெஞ்சு வரைக்கும் மறைக்கிறது என்றால் கவலையில்லை, பழைய சட்டையே போதும். நாற்காலியில் உட்கார வேண்டும் என்றால் வயிறு, கை, வேட்டி, கால் எல்லாம் வேண்டும்.

இரண்டு, வெளிச்சம். முகத்தின் வெளிச்சத்தை ஓரளவு மாற்றலாம். சட்டை மடிப்புகளில் விழுந்த வெளிச்சத்தை மாற்றுவது பெரும்பாடு, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருக்கும், அதைத் திருப்பிப் போட முடியாது. ஸ்டுடியோ பிளாஷில் எடுத்த சட்டையைக் கடற்கரை வெயிலில் வைத்தால் அது அட்டை மாதிரித் தட்டையாக நிற்கும்.

மூன்றாவது நம்ம ஊருக்கே உரியது: காற்று. பாம்பன், தனுஷ்கோடி, அரியமான் பக்கம் எடுத்த குரூப் போட்டோவை உற்றுப் பாருங்கள். எல்லோருடைய முந்தானையும் ஒரே பக்கம் பறக்கும், ஆண்களின் சட்டை ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும், வேட்டி நுனி தூக்கியிருக்கும். நடுவில் ஒருவருடைய சட்டை மட்டும் அசையாமல் நேராகத் தொங்கினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். கல்யாண மண்டபத்துக்குள் எடுத்த படத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

சேலை கட்டிய பெண்கள் என்றால் என் முடிவு வேறு. பிளவுஸ் கழுத்து அகலம், தாலிச் சங்கிலி, பின்னல், தோளில் முந்தானை விழுகிற விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அதோடு சங்கிலி ஒட்டுக்குக் குறுக்கே ஓடும். முடிந்தவரை சேலையோடு முழுசாக எடுங்கள், முன்னால் குழந்தையையோ நாற்காலியையோ வைத்து மறைக்கிற இடமாகப் பார்த்து நிற்க வையுங்கள். தலையில் துணி போட்ட பெண்களுக்கு, கீழக்கரைப் பக்கம் இது அடிக்கடி வரும், துணிக்கும் முகத்துக்கும் நடுவில் வெட்டவே கூடாது. துணி முகத்தில் போடுகிற நிழல் அந்தத் துணியோடுதான் வர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கிற மகன் என்றால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். குரூப் போட்டோவை அவனுக்கு அனுப்பி, இதே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு, வெயில் இந்தப் பக்கம் இருக்கிற மாதிரி நின்று, போனை நெஞ்சு உயரத்தில் வேறொருவரைப் பிடிக்கச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செல்பி வேண்டாம். கை நீளத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காது ஒதுங்கியும் இருக்கும், எந்த உடம்பிலும் அது உட்காராது. இறந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது என்பதால், இனி அந்தக் கடினமான வேலையை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் படம்

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நிற்கிற நேரம். பாம்பன் பக்கம் கடற்கரையில் சாயங்காலம் நாலரை மணிக்கு எடுத்த குடும்பப் படம். வெயில் படத்தின் இடது பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது. நடுவில் இரண்டு நாற்காலி, ஒன்றில் அம்மா. இன்னொன்றில் அப்பா இருக்க வேண்டும். போட்டோகிராபர் விவரமானவர், கேமராவை ஸ்டாண்டிலிருந்து அசைக்காமல் இரண்டு படம் எடுத்திருக்கிறார்: ஒன்றில் அந்த நாற்காலி காலி, மற்றதில் சித்தப்பா வெள்ளை முழுக்கைச் சட்டை, வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உடல்வாகு. (படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் எல்லாப் போட்டோகிராபரும் இதைச் செய்து கொடுப்பார்கள், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள்.)

அப்பாவின் போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர் பிரிண்ட். பிளாஷ் வெளிச்சம், நேர்முகம், வான நீலச் சட்டை, மேல் பட்டன் திறந்திருக்கிறது, கழுத்தில் கத்தோலிக்கர்கள் அணிகிற உத்தரியக் கயிறு தெரிகிறது, பையில் ஒரு பேனா.

நாற்காலி என்பதால் முழு உடம்பு வேண்டும், கடற்காற்று வேறு. ஆக சித்தப்பாவின் உடம்பு, சித்தப்பாவின் சட்டை என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யலாம். ஆனால் வீட்டில் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். "அவர் வெள்ளைச் சட்டையே போட மாட்டாரு தம்பி, கலர் சட்டைதான்" என்று அம்மா சொல்லிவிட்டால் நீங்கள் செய்து முடித்த வெள்ளைச் சட்டை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அது வேறு யாரோ ஒருவர். இங்கே ஒரு நடுவழி இருக்கிறது. உடம்பும் மடிப்பும் காற்றும் குரூப் போட்டோவிலிருந்து, நிறமும் பேனாவும் கயிறும் பழைய போட்டோவிலிருந்து. வெள்ளைச் சட்டையை நீலமாக்குவது சுலபம், ஒரு நிற லேயரை `Multiply`-இல் போட்டால் மடிப்பும் நிழலும் அப்படியே இருந்து நிறம் மட்டும் ஏறும். கறுப்புச் சட்டையை வெளுக்க நினைத்தால் நடக்காது, கறுப்புத் துணியில் மடிப்பு விவரமே பதிவாகியிருக்காது. அதனால்தான் மாற்று ஆளை உட்கார வைக்கும்போது எப்போதும் வெள்ளைச் சட்டையில் உட்கார வைக்க வேண்டும்.

சித்தப்பாவின் தலையை அழிக்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

அவர் தலைதான் உங்களுக்கு அளவுகோல். அழித்துவிட்டால் போச்சு. மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு கண்மணிகளுக்கு நடுவே எத்தனை பிக்சல், முகவாய்க்கும் முதல் பட்டனுக்கும் நடுவே எத்தனை பிக்சல், கண்களை இணைக்கும் கோடு தோள்களை இணைக்கும் கோட்டோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது.

பெரியவர்களுக்குக் கண்மணி இடைவெளி சராசரியாக 62 முதல் 64 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் தலையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர முடியை வைத்தோ காதை வைத்தோ அளக்காமல் கண்ணை வைத்து அளப்பதுதான் நம்பகமானது. நம் படத்தில் சித்தப்பாவின் கண்மணி இடைவெளி 118 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம், அப்பாவுடையதும் 118-க்கு வர வேண்டும், அதே நாற்காலி, அதே தூரம். அப்படிச் செய்தால் உச்சியிலிருந்து முகவாய் வரை தலை சுமார் 420 பிக்சல் வரும். கழுத்தின் அகலம் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, 220 பக்கம் இருக்கும். கழுத்து முந்நூறு வந்தாலோ நூற்றைம்பது வந்தாலோ எங்கேயோ அளவு தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய பிரிண்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும், அதில் தலை மட்டும் 700-க்கு மேல். நமக்கு வேண்டியது 420, ஆக சுருக்கத்தான் போகிறோம், நல்லது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு இழுத்துப் பெரிதாக்குவதை விட, பிரிண்டையே கொண்டுவரச் சொல்லி ஸ்கேன் செய்வது எவ்வளவோ மேல்.

வெளிச்சம் சரியாக இல்லையே என்று முகத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடாதீர்கள். வகிடு மாறிவிடும், மச்சம் மாறிவிடும், வீட்டுக்காரர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். ஆண்களின் சட்டையில் பை அணிந்தவரின் இடப்பக்கம், காஜா போட்ட பட்டி இடப்பக்கத்திலிருந்து வந்து மேலே மூடும். திருப்பிய படத்தில் இவை எல்லாம் மாறிப்போயிருக்கும், பழைய படமே யாராவது திருப்பிப் போட்டதா என்று சந்தேகம் வந்தாலும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காலரை இரண்டாகப் பிரிப்பது

இதுதான் மொத்த வேலையின் மையம், மெதுவாகச் செய்யுங்கள். காலர் கழுத்தைச் சுற்றி ஓடுகிறது. அதன் முன்பாதி கழுத்துக்கு முன்னால், பின்பாதி கழுத்துக்குப் பின்னால். பலர் செய்வது, தலையைக் கழுத்தோடு வெட்டி, சட்டைக்கு மேலே வைத்து, ஓரத்தைக் காலர் வடிவத்துக்கு மழுப்பி அழிப்பது. அப்போது கழுத்து காலருக்குள் இறங்காமல் காலரின் மேல் வைத்த மாதிரி நிற்கும். நடுவில் சொருக வேண்டும்.

சித்தப்பா படத்தை அடியில் வையுங்கள், அதன் மேல் காலி நாற்காலிப் படத்தைப் போட்டு, மாஸ்க் மூலம் அவருடைய தலை இருந்த இடத்தில் மட்டும் அதைத் தெரிய விடுங்கள். கேமரா அசையாததால் பின்னால் உள்ள படகும் கடலும் அச்சாகப் பொருந்தும். இப்போது தலையில்லாத சட்டை இருக்கிறது.

அப்புறம் பென் டூலை எடுத்துக்கொண்டு காலரின் முன்பகுதியை, இரண்டு இலைகளும் அவற்றுக்கு உள்ளே நிற்கிற காலர் பட்டியும் சேர, மேல் விளிம்பைத் தொட்டபடி வரைந்து, அதைத் தனி லேயராகப் பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். விளிம்பு மழுங்கல் அரை பிக்சல் போதும், துணியின் விளிம்பு கூர்மையானது. கழுத்தின் இரு பக்கமும் தெரிகிற காலரின் உள்பக்கம் அடியிலேயே இருக்கட்டும்.

இப்போது அப்பாவின் தலையும் கழுத்தும் இந்த இரண்டுக்கும் நடுவில். கழுத்தைக் காலர் விளிம்போடு வெட்டாமல் இன்னும் கீழே வரை, நெஞ்சுக் குழி தாண்டியும் விட்டுவையுங்கள். முன் காலர் மறைத்துக்கொள்ளும், பிறகு தலையைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்த வேண்டி வந்தால் இடம் இருக்கும்.

இந்த நிலையிலேயே, நிறம் எதுவும் தொடாமலே, படம் பாதி நம்பும்படி ஆகிவிடும். ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கழுத்தின் அகலம்தான் காரணம். அப்பாவின் கழுத்து மெலிந்ததாக இருந்தால் இரு பக்கமும் இடைவெளி விழும், அங்கே சித்தப்பாவின் கழுத்தின் மிச்சமோ பின்னால் உள்ள கடலோ எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில் இருக்க வேண்டியது காலரின் உள்பக்கத் துணி. முன் பட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, திருப்பி, இருட்டாக்கி, தலை லேயருக்கு அடியில் வையுங்கள். கழுத்து பருத்ததாக இருந்தால் காலர் நெரிக்கிற மாதிரி இருக்கும். அப்போது கழுத்தை ஒடுக்க ஆசை வரும், தொடாதீர்கள், அது அவருடைய கழுத்து. `Warp` எடுத்து இரண்டு காலர் இலைகளையும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். துணியை நகர்த்தினால் யாருக்கும் தெரியாது.

காலரின் வளைவையும் ஒரு பார்வை பாருங்கள். கேமரா காலரை விட உயரத்தில் இருந்தால் முன் காலரின் விளிம்பு கீழே தொங்குகிற வளைவாகத் தெரியும், பின் காலரின் உள்பக்கமும் தெரியும். கேமரா கீழே இருந்து பார்த்தால் வளைவு மேல் நோக்கி நிமிரும், பின் காலர் மறைந்துவிடும். பழைய முகத்தில் மூக்குத் துவாரம் தெரிகிறது, அதாவது கீழே இருந்து எடுத்திருக்கிறார்கள், ஆனால் புதுக் காலர் மேலே இருந்து பார்த்த வளைவு என்றால் எத்தனை திறமையாகச் செய்தாலும் அந்த ஜோடி சேராது. வேறு உடம்பு தேடுங்கள், அல்லது அப்பாவின் வேறு போட்டோ கேளுங்கள். தலை பக்கவாட்டில் பத்துப் பதினைந்து டிகிரி திரும்பியிருந்தால் பரவாயில்லை, மனிதர்கள் உடம்பை ஒரு பக்கம் வைத்துக் கேமராவை வேறு பக்கம் பார்ப்பது இயல்புதான்.

மேல் பட்டன் திறந்திருந்தால்

நம்ம பக்கம் பெரியவர்கள் மேல் பட்டனைப் போடுவது அரிது. சித்தப்பாவும் போடவில்லை. அதனால் காலருக்கு நடுவே ஒரு முக்கோணமாக அவருடைய நெஞ்சுத் தோல் தெரிகிறது. கடலுக்குப் போய்க் கறுத்த தோல் அது, பிளாஷில் வெளுத்த அப்பாவின் கழுத்து அதன் மேல் உட்கார்ந்தால் இரண்டு தோலும் சந்திக்கிற இடத்தில் பட்டை அடித்த மாதிரித் தெரியும்.

இரண்டு தோலைச் சேர்ப்பதை விட ஒரே தோலைப் பயன்படுத்துவது நல்லது. அப்பாவின் படத்திலும் மேல் பட்டன் திறந்திருப்பது அதிர்ஷ்டம், அவருடைய நெஞ்சு முக்கோணத்தையும் கழுத்தோடு சேர்த்தே எடுங்கள், உத்தரியக் கயிறும் அதோடு வந்துவிடும். ஒரு சிக்கல் உண்டு: அப்பாவின் பழைய காலர் மறைத்திருந்த இடத்தில் தோல் கிடையாது, நீலத் துணிதான் இருக்கிறது. சித்தப்பாவின் திறப்பு அகலமாக இருந்தால் இரு ஓரத்திலும் பழைய நீலக் காலர் எட்டிப்பார்க்கும். அதற்கும் வழி துணிதான். மேலே வைத்த முன் காலரில் இடது இலையை ஒரு பத்துப் பதினைந்து பிக்சல், வலது இலையை அதே அளவு, உள்பக்கம் இழுங்கள். திறப்பு குறுகி, தோல் இருக்கிற அளவுக்குள் அடங்கிவிடும். காலர் இலையின் கூர்முனை இருந்த இடத்திலேயே நிற்கட்டும், மேல் பாதி மட்டும் நகரட்டும், இல்லையென்றால் காலர் சுருங்கின மாதிரி ஆகும்.

முக்கோணத்தின் கீழ் முனையில் கொஞ்சம் குறைந்தால் மட்டும் சித்தப்பாவின் தோலை அங்கே விடுங்கள், அந்த முனை எப்படியும் நிழலில் இருக்கும்.

கயிற்றைக் கவனியுங்கள். அது கழுத்தின் இரு பக்கமும் ஓடிக் காலருக்கு அடியில் மறைய வேண்டும். பழைய காலர் இருந்த விளிம்பில் கயிறு துண்டாக நின்று, புதுக் காலர் விளிம்பு அதற்கு மேலே இரண்டு மூன்று பிக்சல் தள்ளி இருந்தால், கயிறு தோலில் வரைந்த கோடு மாதிரி ஆகிவிடும். கயிற்றின் நுனியை நீட்டிக் காலருக்குள் கொண்டுபோய் விடுங்கள். இந்தக் கயிறு சரியாக இருந்தால் அம்மாவின் கண் நேராக அங்கேதான் போகும், இல்லை என்றாலும் அங்கேதான் போகும்.

நிழலும், சட்டையிலிருந்து திரும்புகிற வெளிச்சமும்

பிளாஷில் எடுத்த தட்டையான முகம் ஒரு வகையில் வசதி. இல்லாத நிழலைப் போடலாம், இருக்கிற நிழலை எடுப்பதுதான் கஷ்டம். தலை லேயரின் மேல் ஒரு `Curves` லேயர் வைத்து `Ctrl+Alt+G` அழுத்தி அதைத் தலைக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். இருட்டாக்குங்கள், மாஸ்க்கைக் கறுப்பாக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வெயில் விழாத வலப்பக்கக் கன்னத்திலும் மூக்கின் வலப்பக்கத்திலும் தாடைக்கு அடியிலும் வெள்ளைப் பிரஷால் தடவுங்கள்.

நாலரை மணி வெயில் சாய்ந்து வருவதால் முகவாயின் நிழல் நேர் கீழே விழாது, வலப்பக்கம் சரிந்து, கழுத்தின் வலது பாதியையும் வலது காலர் இலையின் மேல் பகுதியையும் மூடும். கழுத்தில் போட்ட நிழல் காலரின் மேலும் தொடர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழுத்து இருட்டு, காலர் பளிச் என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை என்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே இந்த நிழலை முன் காலருக்கும் மேலே தனி லேயராக `Multiply`-இல் போடுங்கள்.

இது தவிர, காலர் கழுத்தைத் தொடுகிற இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று வேண்டும், காலர் லேயருக்கு அடியில், தலைக்கு மேலே. நாலைந்து பிக்சல் அகலம், தொடுகிற இடத்தில் அழுத்தமாகவும் விலக விலக மங்கியும். கறுப்பு நிறம் வேண்டாம், தோலின் நிழல் செம்பழுப்பாக இருக்கும், கழுத்தின் இருட்டான இடத்திலிருந்தே நிறத்தை எடுத்து இன்னும் கொஞ்சம் இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் பார்க்காத விஷயம். சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டவரின் தாடைக்கு அடிப்பக்கம் இருட்டாக இருக்காது, மங்கலான வெளிச்சம் ஒன்று கீழிருந்து வந்து விழுந்திருக்கும். தனுஷ்கோடி மாதிரி வெளுத்த மணலில் உட்கார்ந்தால் அது இன்னும் கூடும். வண்ணச் சட்டை என்றால் அந்த வெளிச்சத்தில் சட்டையின் நிறமும் கலந்திருக்கும். அப்பாவின் பழைய படத்தில் தாடைக்கு அடியில் லேசாக நீலம் ஏறியிருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். நீலச் சட்டையை நீலமாகவே வைத்துக்கொள்வதால் இந்தப் படத்தில் அதைத் தொட வேண்டாம். வெள்ளையாக விட்டிருந்தால், `Color` முறையில் ஒரு லேயர் போட்டு, கன்னத்தின் நிறத்தை எடுத்து அந்த நீலத்தின் மேல் மெலிதாகத் தடவ வேண்டியிருக்கும்.

சட்டைக்கு நிறம் ஏற்றுவதைக் கடைசியில் செய்யுங்கள். பழைய போட்டோவின் நீலத்தைக் கலர் பிக்கரால் அப்படியே எடுத்தால் கிடைப்பது பிளாஷில் தெரிந்த நீலம், சாயங்கால வெயிலில் அது குளிர்ந்து தெரியும். கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். உள்காலர், முன் காலர், உடம்பு மூன்றுக்கும் ஒரே நிற லேயர் போக வேண்டும், உள்காலரை மறந்து வெள்ளையாக விட்ட படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டன்களை மாஸ்க்கில் விலக்கிவிடுங்கள், நீலச் சட்டைக்கும் பெரும்பாலும் வெள்ளைப் பட்டன்தான் இருக்கும். பேனாவைப் பையில் வைக்கும்போது அதன் அடிப்பாதி பை விளிம்புக்குள் மறைய வேண்டும், காலருக்குச் செய்த அதே சொருகல்தான்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

திரையில் பெரிதாக்கிக்கொண்டே பார்த்தால் எதுவும் தெரியாது. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அந்த அளவில் அவர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அளவோ வெளிச்சமோ தவறு. அடுத்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கழுத்தை மட்டும் பாருங்கள். வெயில் படத்தில் கழுத்து முகத்தை விட இருட்டாக இருந்தே ஆக வேண்டும், வரிசையில் உள்ள மற்றவர்களின் கழுத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அப்புறம் முழுப் படத்தையும் இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குக் காலரின் கோணல் அப்போதுதான் தெரியும். பார்த்துவிட்டு மறக்காமல் திரும்பப் பழையபடி வையுங்கள்.

கூர்மையும் ஒத்துப்போக வேண்டும். பழைய பிரிண்டிலிருந்து வந்த முகம் எப்போதும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும், சித்தப்பாவின் காலரோ நூல் நூலாகத் தெரியும். முகத்தைக் கூர்மையாக்கப் போனால் தோல் சொரசொரப்பாகும். அதற்குப் பதிலாக காலரின் மேல் விளிம்பை, முகத்துக்கு அருகில் உள்ள பகுதியை மட்டும், `Gaussian Blur` அரை பிக்சல் போட்டு இறக்குங்கள், பிறகு முகத்தின் மேல் மற்ற முகங்களில் உள்ள அளவுக்கு `Add Noise` கொஞ்சம். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும்.

பிரேம் போடும் அளவுக்குப் பெரிய பிரிண்ட் எடுக்கும் முன் 4க்கு 6 அளவில் ஒன்று எடுத்துப் பாருங்கள். பிரிண்டில் நிழல்கள் திரையில் பார்த்ததை விட இருட்டாக இறங்கும், காலருக்கு அடியில் போட்ட நிழல் திடீரென்று கறுப்புக் கோடாக மாறியிருக்கலாம். அந்தச் சின்னப் பிரிண்டை வீட்டில் ஒருவரிடம், எதையும் சுட்டிக்காட்டாமல், சும்மா கொடுங்கள். அவர் சட்டையைப் பற்றி ஏதாவது சொன்னால் கேட்டு மாற்றுங்கள், முகத்தைப் பற்றி மட்டும் பேசினால் காலர் வேலை முடிந்தது. லேயரோடு உள்ள கோப்பை அழிக்காதீர்கள். படம் சுவரில் ஏறி ஒரு மாதம் கழித்து, "அண்ணே, வெள்ளைச் சட்டையிலயும் ஒண்ணு போட்டுத் தாங்களேன்" என்று மூத்த மகன் போன் செய்வது வழக்கம். நிற லேயர் தனியாக இருந்தால் அதை அணைத்து, தாடையின் நீலத்தை மட்டும் சரிசெய்து அன்றைக்கே கொடுத்துவிடலாம்.